மணலும் வண்டலும் ஒன்றையொன்று சார்ந்தவையா?

மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு வயலின் மண்ணை அனுப்பி அதன் நயத்தைக் கேட்டால் மூன்று எண்கள் வரும். மணல் இத்தனை சதவீதம், வண்டல் இத்தனை, களி இத்தனை. அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாட்டில், 2 மில்லிமீட்டருக்கும் 0.05 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகள் மணல். 0.05க்கும் 0.002க்கும் இடைப்பட்டது வண்டல். அதைவிட நுண்ணியது களி. தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், வேர் எவ்வளவு எளிதில் இறங்கும், இட்ட உரம் எவ்வளவு தங்கும் என்பதையெல்லாம் பெரிதும் முடிவு செய்பவை இந்த மூன்றும்தான்.

பல வயல்களின் முடிவுகளைச் சேர்த்து, மணலைக் கிடையச்சிலும் வண்டலை நேரச்சிலும் குறித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு சரிவு தென்படும். மணல் கூடக் கூட வண்டல் குறைகிறது. பார்த்தவுடன், மணலுக்கும் வண்டலுக்கும் இடையே இயற்கை ஏதோ ஒரு பகையை வைத்திருக்கிறது என்று எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சரிவு மண்ணிலிருந்து வந்ததா, அல்லது மூன்றும் சேர்ந்து நூறு ஆகவேண்டும் என்ற கணக்கிலிருந்து வந்ததா?

இதற்கு விடை சொல்லும் கருவி நிகழ்தகவுக் கணிதத்தில் இருக்கிறது. இரண்டு தொடர் மாறிகளின் கூட்டு அடர்த்தியை எழுதுவது, அதிலிருந்து ஒவ்வொன்றின் விளிம்பு அடர்த்தியைப் பிரித்தெடுப்பது, கூட்டு அடர்த்தி இரண்டு காரணிகளாகப் பிரிகிறதா என்று சோதிப்பது என்ற மூன்று படிகள் அதில் உள்ளன. கல்லூரியில் இதைப் படித்தவர்கள்கூட மூன்றாவது படியில் ஓரிடத்தில் சறுக்குவதுண்டு. அந்த இடம்தான் மண்ணின் கேள்விக்கு விடை இருக்கும் இடம்.

முக்கோணக் களம்

சதவீதத்தை விட்டுவிட்டுப் பின்னமாகவே வைத்துக்கொள்வோம். மணலின் பங்கு x, வண்டலின் பங்கு y. எஞ்சிய 1 − x − y களியின் பங்கு. எந்தப் பங்கும் சுழிக்குக் கீழே போக முடியாது. ஆகவே x, y இரண்டும் சுழிக்கு மேல் இருக்க வேண்டும். அவற்றின் கூட்டுத்தொகை 1ஐத் தாண்டக் கூடாது. வரைதாளில் இது ஒரு செங்கோண முக்கோணம். எந்த மண்ணும் இந்த முக்கோணத்துக்குள் ஒரு புள்ளி. அதற்கு வெளியே மண் என்பதே கிடையாது.

இந்த முக்கோணத்தை ஒரு களமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மூட்டை நெல்லைக் கொட்டி, சில இடங்களில் உயரமாகவும் சில இடங்களில் தாழ்வாகவும் பரப்பி வைத்திருக்கிறார்கள். எந்த வகை மண் அதிகம் கிடைக்கிறதோ அந்த இடத்தில் நெல் உயரமாக நிற்கிறது. இந்த உயரம்தான் கூட்டு அடர்த்தி, f(x, y). மொத்த நெல்லின் கன அளவை 1 என்று வைத்துக்கொண்டால், களத்தின் ஒரு பகுதிக்கு மேல் உள்ள நெல்லின் அளவே, எடுத்த மண் அந்தப் பகுதியில் விழுவதற்கான நிகழ்தகவு.

இங்கே கவனிக்க வேண்டியது, உயரம் நிகழ்தகவு அல்ல என்பது. ஒரே ஒரு புள்ளிக்கு மேல் நெல்லின் அளவு என்று எதுவும் கிடையாது. பரப்பு இருந்தால்தான் அளவு. அதனால் உயரம் 1ஐத் தாண்டலாம், 3 ஆகலாம், 10 ஆகலாம். மொத்த அளவு 1 ஆக இருந்தால் போதும்.

இனி ஒரு குறிப்பிட்ட அடர்த்தியை எடுத்துக்கொள்வோம். முக்கோணத்துக்குள்

f(x, y) = 24xy

வெளியே சுழி. இது எந்த மாவட்டத்தின் மண்ணையும் அளந்து பெற்றதல்ல; கையால் கணக்கிட்டுப் பார்க்க வசதியான மாதிரி. மணலும் வண்டலும் ஓரளவு கலந்திருக்கும் மண் அதிகம், இரண்டில் ஒன்று அறவே இல்லாத மண் அரிது என்பதை இது சொல்கிறது. 24 என்ற எண் மொத்தத்தை 1 ஆக்குவதற்காக வந்தது. அது எப்படி என்பது அடுத்த படியில் தானாகவே தெரியும்.

ஓரத்துக்குத் தள்ளுவது

வண்டலைப் பற்றிக் கவலையில்லை, மணலின் பங்கு மட்டும் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டும். களத்தில் உள்ள நெல்லையெல்லாம் நேராகக் கீழ்நோக்கி, மணல் அச்சு இருக்கும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் போதும். ஒவ்வொரு x இடத்திலும் எவ்வளவு நெல் சேர்ந்ததோ அதுவே மணலின் விளிம்பு அடர்த்தி. கணிதத்தில் இந்தத் தள்ளுதலுக்குத் தொகையிடுதல் என்று பெயர்: x-ஐ அசையாமல் பிடித்துக்கொண்டு, y-இன் எல்லா மதிப்புகளிலும் f-ஐத் தொகையிட வேண்டும்.

y எதிலிருந்து எதுவரை போகும் என்பதுதான் இங்கே முக்கியம். x-ஐ 0.7 என்று பிடித்துவிட்டால் வண்டலுக்கு மிஞ்சியிருப்பது 0.3 மட்டுமே. பொதுவாக y சுழியிலிருந்து 1 − x வரைதான் போக முடியும். பலர் பழக்கத்தில் 0 முதல் 1 வரை தொகையிட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் நெல்லே இல்லாத இடத்தில் நெல் இருப்பதாகக் கணக்கெழுதியதாகும். சரியான எல்லையோடு செய்தால்,

24x × (y² / 2), y = 1 − x என்ற இடத்தில் = 12x(1 − x)²

இதுதான் மணலின் விளிம்பு அடர்த்தி. இதை மீண்டும் x = 0 முதல் 1 வரை தொகையிட்டால் 12 × (1/2 − 2/3 + 1/4), அதாவது 12 × 1/12 = 1. மொத்தம் 1 வந்துவிட்டது. 24 சரியான எண்தான். விளிம்பு அடர்த்தி கண்டவுடன் இந்தச் சரிபார்ப்பைச் செய்வது நல்லது. எல்லையில் தவறு நேர்ந்திருந்தால் மொத்தம் 1 வராது. y-ஐத் தவறாக 0 முதல் 1 வரை தொகையிட்டிருந்தால் 12x என்று வந்திருக்கும். அதன் மொத்தம் 6. நிகழ்தகவு 6 ஆகவே முடியாது.

கிடைத்த விளிம்பில் (1 − x)² என்ற பகுதியைக் கவனியுங்கள். 24xy என்ற சூத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. அது முக்கோணத்தின் சாய்ந்த ஓரத்திலிருந்து வந்தது. களத்தின் வடிவமும் விடைக்குள் புகுந்துவிட்டது.

மணலும் வண்டலும் இந்தச் சூத்திரத்தில் சரிசமமாக வருவதால், வண்டலின் விளிம்பு அடர்த்தியும் அதே வடிவில் 12y(1 − y)² என்று அமையும். இரண்டின் சராசரியும் 0.4; களியின் சராசரி 0.2.

காரணிகளாகப் பிரிகிறதா?

இரண்டு மாறிகள் சார்பற்றவை என்றால், ஒன்றின் மதிப்பைத் தெரிந்துகொண்டதால் மற்றொன்றைப் பற்றிய நம் கணிப்பு சிறிதும் மாறக் கூடாது. அடர்த்தியின் மொழியில் இதற்கு ஒரு நேரான நிபந்தனை உண்டு. கூட்டு அடர்த்தி இரண்டு விளிம்பு அடர்த்திகளின் பெருக்கலாக இருக்க வேண்டும். ஓரிரு இடங்களில் பொருந்தினால் போதாது, தளம் முழுவதும் பொருந்த வேண்டும்.

விளிம்புகளைக் கண்டுபிடிக்காமலேயே இதைச் சோதிக்க ஒரு சுருக்குவழியும் இருக்கிறது. f(x, y)-ஐ x மட்டும் உள்ள ஒரு சார்பு, y மட்டும் உள்ள ஒரு சார்பு என இரண்டின் பெருக்கலாக எழுத முடிந்தால் மாறிகள் சார்பற்றவை. அந்தக் காரணிகள் விளிம்பு அடர்த்திகளாகவே இருக்க வேண்டியதில்லை. ஒரு மாறிலியால் பெருக்கியோ வகுத்தோ அவற்றை விளிம்புகளாக மாற்றிக்கொள்ளலாம். எழுத முடியாவிட்டால் சார்புடையவை.

இந்தச் சோதனையில் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. 1 + x + y + xy என்ற கோவை பிரியாதது போலத் தோன்றும். ஆனால் அது (1 + x)(1 + y). மாறாக x + y எளிமையாகத் தோன்றினாலும் எந்த வழியிலும் பிரியாது.

நம் 24xy-ஐப் பார்ப்போம். 24x ஒரு காரணி, y ஒரு காரணி. பார்த்தவுடனேயே பிரிந்துவிட்டது. அப்படியானால் மணலும் வண்டலும் சார்பற்றவைதானே?

இதுதான் சறுக்கும் இடம். சார்பற்றவை என்று ஒரு நிமிடம் ஒப்புக்கொண்டு, அதன் விளைவைப் பார்ப்போம். மணலின் பங்கு பாதிக்கு மேல் இருக்கும் நிகழ்தகவை 12x(1 − x)²-இலிருந்து கணக்கிட்டால் 5/16 வருகிறது, அதாவது 0.3125. வண்டலுக்கும் அதே அளவு. இரண்டும் சார்பற்றவை என்றால், மணலும் பாதிக்கு மேல், வண்டலும் பாதிக்கு மேல் உள்ள மண் கிடைக்கும் நிகழ்தகவு 5/16 × 5/16 = 25/256. ஏறத்தாழ 0.098. நூறு வயல்களில் பத்து வயல்களிலாவது இப்படிப்பட்ட மண் இருக்க வேண்டும் என்று பொருள். உண்மையில் ஒரு வயலில்கூட இருக்காது. இரண்டு பாதிகளைத் தாண்டிய பங்குகள் ஒரே மண்ணில் இருக்க இடமே இல்லை.

எல்லையும் சூத்திரத்தின் ஒரு பகுதி

பிழை எங்கே நேர்ந்தது? 24xy என்பது முழுச் சூத்திரம் அல்ல. ‘முக்கோணத்துக்குள்’ என்ற சொல்லும் சூத்திரத்தைச் சேர்ந்ததுதான். முழுமையாக எழுத வேண்டுமானால், புள்ளி முக்கோணத்துக்குள் இருந்தால் 1, வெளியே இருந்தால் சுழி என்று மதிப்புத் தரும் ஒரு சார்பையும் 24xy-ஓடு பெருக்க வேண்டும். அந்தச் சார்பு x + y < 1 என்ற நிபந்தனையைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதில் x-உம் y-உம் பின்னிக் கிடக்கின்றன. அதை இரண்டு காரணிகளாகப் பிரிக்க எந்த வழியும் இல்லை.

இதே 24xy-க்குப் பதிலாக, இரண்டு பக்கமும் 0 முதல் 1 வரை உள்ள சதுரத்தில் 4xy என்ற அடர்த்தி இருந்தால் கதை வேறு. ‘x 0க்கும் 1க்கும் இடையில்’ என்பது x-ஐ மட்டும் சார்ந்த நிபந்தனை. ‘y 0க்கும் 1க்கும் இடையில்’ என்பது y-ஐ மட்டும் சார்ந்தது. இரண்டும் தனித்தனியே பிரிந்துவிடும். அங்கே 2x, 2y என்ற விளிம்புகள் கிடைக்கும், பெருக்கினால் 4xy. அவை உண்மையிலேயே சார்பற்றவை. சூத்திரத்தின் வடிவம் ஒன்றுதான். களத்தின் வடிவம் மாறியதால் முடிவு தலைகீழாகிவிட்டது.

ஆகவே காரணிப்படுத்தும் சோதனையை இரண்டு கேள்விகளாகக் கேட்பது பாதுகாப்பானது. முதல் கேள்வி: அடர்த்தி சுழியாக இல்லாத பகுதி, அச்சுகளுக்கு இணையான பக்கங்களைக் கொண்ட செவ்வகமா? அது ஒரு பக்கம் முடிவில்லாமல் நீண்டாலும் பரவாயில்லை. ஆனால் முக்கோணம், வட்டம், சாய்த்து வைத்த சதுரம் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், மாறிகள் சார்புடையவை. பகுதி செவ்வகமாக இருந்தால் மட்டுமே இரண்டாவது கேள்வி: சூத்திரம் பிரிகிறதா? முதல் கேள்விக்குத் தாளும் பேனாவும்கூட வேண்டாம், படம் போதும். அதைக் கேட்காமல் இரண்டாவதற்குத் தாவுவதால்தான் தவறு நேர்கிறது.

எல்லை மட்டுமே எவ்வளவு உறவை உண்டாக்கிவிடும் என்பதற்கு இன்னும் எளிய மாதிரி ஒன்று இருக்கிறது. முக்கோணத்தில் நெல்லை ஒரே உயரத்தில் சமமாகப் பரப்புங்கள். பரப்பு 1/2 என்பதால் உயரம் எங்கும் 2. எந்தக் கலவைக்கும் தனிச் சலுகை இல்லை. அங்கே மணலுக்கும் வண்டலுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டால் −0.5 வரும். 24xy மாதிரியில் அது −2/3. முதலில் சொன்ன சரிவு, மண் எதுவும் சொல்லாதபோதே தாளில் தோன்றிவிடுகிறது. அதைக் கண்டு இயற்கை விதி என்று எழுதினால், நூறு என்ற கூட்டுத்தொகையைத்தான் நாம் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறோம்.

இந்த ஆபத்தைப் புள்ளியியலின் முன்னோடிகளில் ஒருவரான கார்ல் பியர்சன் 1897இலேயே எச்சரித்தார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத அளவுகளை ஒரே எண்ணால் வகுத்து விகிதங்களாக்கினால், அந்த விகிதங்களுக்கு இடையே போலியான ஒட்டுறவு தோன்றும் என்று அவர் காட்டினார். உடலுறுப்பு அளவுகளை விகிதங்களாக மாற்றி ஆராய்பவர்களை நோக்கிச் சொன்னது அது. மண்ணுக்கும் பாறைக்கும் உணவுக்கும் குடும்பச் செலவுக்கும், சதவீதமாகப் பிரித்த எதற்கும் அது பொருந்தும்.

ஒட்டுறவு சுழியாக இருந்தால் சார்பற்றவை என்று எண்ணுவதும் தவறு. ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் சமமாகப் பரவிய ஒரு புள்ளியை நினையுங்கள். அடர்த்தி எங்கும் 1/π. x-க்கும் y-க்கும் ஒட்டுறவு சுழிதான். வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் சரிவு எந்தப் பக்கமும் சாயாது. ஆனால் x 0.9 என்று தெரிந்துவிட்டால் y ஏறத்தாழ −0.436க்கும் 0.436க்கும் இடையில் அடைபட்டுவிடும். x சுழி என்றால் y −1 முதல் 1 வரை உலவலாம். ஒன்று தெரிந்ததும் மற்றொன்றைப் பற்றிய கணிப்பு மாறுகிறது, சார்பு இருக்கிறது. ஒட்டுறவுக் கெழு நேர்கோட்டுச் சாய்வை மட்டுமே அளக்கும். காரணிப்படுத்தும் சோதனை எல்லா வகைச் சார்பையும் பிடிக்கும்.

சல்லடை சொல்லும் வழி

அப்படியானால் மணலைப் பற்றியும் வண்டலைப் பற்றியும் உருப்படியாக எதையுமே கேட்க முடியாதா? முடியும். கேள்வியை மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது என்பதை ஆய்வுக்கூடத்தின் வேலைமுறையே காட்டுகிறது.

மண்ணைத் துகள்வாரியாகப் பிரிக்கும்போது முதலில் கட்டிகளை உடைக்க வேதிப்பொருள் கலந்த நீரில் கரைப்பார்கள். பிறகு நுண்சல்லடையில் கழுவி மணலைப் பிரித்தெடுக்கலாம். சல்லடையைக் கடந்து சென்ற கலங்கல் நீரில் வண்டலும் களியும் மட்டும் இருக்கும். அதை உயரமான கண்ணாடி உருளையில் நிற்க வைத்தால் பெரிய துகள் முதலில் படியும். 20 டிகிரி செல்சியஸில், 0.002 மில்லிமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அந்த ஆழத்திலிருந்து எடுத்த நீரில் மிதந்துகொண்டிருப்பது களி.

இந்த வேலைமுறையில் இயல்பாகவே இரண்டு எண்கள் பிறக்கின்றன. ஒன்று, சல்லடையில் தங்கிய மணலின் பங்கு x. மற்றொன்று, சல்லடையைக் கடந்ததில் வண்டல் எவ்வளவு பங்கு என்பது. அதை r என்போம்: r = y / (1 − x). மணல் எவ்வளவு இருந்தாலும் r சுழிக்கும் 1க்கும் இடையில் எந்த மதிப்பையும் எடுக்கலாம். மணல் 0.7 என்றால் வண்டலுக்கு 0.3 வரைதான் இடம். ஆனால் அந்த 0.3-இல் வண்டல் எத்தனை பங்கு என்ற கேள்விக்கு எல்லை இல்லை. x, r இரண்டையும் அச்சுகளாக வைத்தால் முக்கோணம் சதுரமாகிவிடுகிறது. முதல் கேள்வியில் தேறிவிட்டோம்.

இனி இரண்டாவது கேள்விக்குப் புதிய அடர்த்தி வேண்டும். y = r(1 − x) என்று 24xy-இல் இட்டால் 24x × r(1 − x). அதோடு வேலை முடியவில்லை. அச்சை மாற்றும்போது பட்டையின் அகலமும் மாறுகிறது. r சிறிது நகர்ந்தால் y அதே அளவு நகர்வதில்லை. அதைவிட (1 − x) மடங்குதான் நகர்கிறது. நெல்லின் மொத்த அளவு மாறாமல் இருக்க, உயரத்தை அந்த (1 − x)-ஆல் பெருக்கிச் சரிசெய்ய வேண்டும். இதை மறந்துவிட்டால் மொத்தம் 1 வராது. அதுவே தவறைக் காட்டிக்கொடுக்கும். சரிசெய்த பிறகு,

24x(1 − x)² r = 12x(1 − x)² × 2r

இடப்பக்கக் காரணி நாம் ஏற்கெனவே கண்ட மணலின் விளிம்பு அடர்த்தி. வலப்பக்கம் 2r, r மட்டும் உள்ள சார்பு. 0 முதல் 1 வரை அதன் மொத்தம் 1. பகுதி சதுரம், சூத்திரம் பிரிகிறது. இந்த மாதிரியில் x-உம் r-உம் சார்பற்றவை. மணல் அதிகமுள்ள மண்ணிலும் குறைவாக உள்ள மண்ணிலும், மீதியில் வண்டலின் சராசரிப் பங்கு ஒன்றேதான், மூன்றில் இரண்டு.

முக்கோணத்தில் x-உம் y-உம் சார்புடையவை. சதுரத்தில் x-உம் r-உம் சார்பற்றவை. மண் மாறவில்லை, அடர்த்தி சொல்லும் செய்தியும் மாறவில்லை. சார்பு என்பது மண்ணின் குணம் அல்ல. நாம் எந்த இரண்டு அளவுகளைத் தேர்ந்தெடுத்தோம் என்பதன் குணம். −2/3 என்ற ஒட்டுறவு முழுவதும் எல்லையின் வேலை என்பதும் இப்போது நிரூபணமாகிவிட்டது. எல்லையின் நெருக்கடியை நீக்கிய உடனே உறவும் மறைந்துவிட்டது.

உண்மையான தரவில்

நம் மாதிரியில் x-உம் r-உம் சார்பற்றவையாக அமைந்தது 24xy என்ற சூத்திரத்தின் தயவு. உண்மையான நிலத்தில் அப்படி அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆற்றங்கரையில் வேகமான வெள்ளம் மணலைப் போட்டுவிட்டு, வண்டலையும் களியையும் வெவ்வேறு தூரத்துக்குக் கொண்டுபோகும். அங்கே மணலின் பங்குக்கும் r-க்கும் மெய்யான தொடர்பு இருக்கக்கூடும். அப்படி ஒரு தொடர்பு தென்பட்டால், அதை நூறு என்ற கூட்டுத்தொகையின் மேல் போட முடியாது. அது நிலத்தின் வரலாறு சொல்லும் செய்தி. அதனால்தான் இந்தக் கேள்வி கேட்கத் தக்கது.

சூத்திரம் கையில் இல்லாமல் தரவு மட்டும் இருக்கும்போது சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. மாதிரிகளை மணல் குறைந்தவை, நடுத்தரம், மிகுந்தவை என்று மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் r எப்படிப் பரவியிருக்கிறது என்று தனித்தனிப் பட்டை வரைபடம் போடுங்கள். சார்பற்றவை என்றால் மூன்று படங்களும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கும். சராசரி மட்டுமல்ல, பரவலும் ஒத்திருக்க வேண்டும். வட்டத்தின் எடுத்துக்காட்டில் சராசரி எங்கும் சுழிதான், பரவல்தான் மாறியது.

இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. மணல் மிகுந்த மண்ணில் r நடுங்கும். மணல் 95 சதவீதம் என்றால் எஞ்சியது 5 சதவீதம். அதில் வண்டலை அளப்பதில் 1 சதவீதப் புள்ளி பிழை நேர்ந்தாலே r 0.2 அளவுக்கு நகர்ந்துவிடும். அந்தக் குழுவில் பரவல் அகன்று தெரிந்தால், அது மண்ணாலா அளவைப் பிழையாலா என்று பார்க்க வேண்டும். அடுத்தது, பல கூடங்களில் வண்டலை நேரடியாக அளப்பதில்லை. மணலையும் களியையும் அளந்து, நூறிலிருந்து கழித்து வண்டல் என்று எழுதுவார்கள். மணல் 1 புள்ளி கூடுதலாக அளக்கப்பட்டால் வண்டல் தானாகவே 1 புள்ளி குறைந்துவிடும். அளவைப் பிழையே ஒரு எதிர்ச் சரிவை உண்டாக்கிவிடுகிறது. எந்த எண் அளந்தது, எந்த எண் கழித்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

ஸ்காட்லாந்துப் புள்ளியியலாளர் ஜான் எய்ச்சிசன் 1980களில் இந்தச் சிக்கலுக்கு முறையான வழி வகுத்தார். 1986இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பங்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒன்றை மற்றொன்றால் வகுத்து மடக்கை எடுத்து ஆராய வேண்டும் என்பது அவருடைய வழி. வண்டலையும் களியையும் அப்படி வகுத்து மடக்கை எடுத்தால் கிடைக்கும் எண் எவ்வளவு பெரிதாகவும் சிறிதாகவும் போகலாம். நூறு என்ற வேலி அதைத் தடுக்காது. ஏதாவது ஒரு பங்கு சுழியாக இருந்தால் மட்டும் மடக்கை எடுக்க முடியாது. அப்போது தனிக் கவனம் வேண்டும். நாம் r-ஐக் கொண்டு முக்கோணத்தைச் சதுரமாக்கியதும் அதே நோக்கத்தோடுதான்.

அடுத்த முறை சதவீதப் பட்டியல் ஒன்றில் ஒன்று ஏற மற்றொன்று இறங்குவதைக் கண்டால், உறவு இருக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு படம் வரையுங்கள். அந்த இரண்டு எண்களும் எந்தப் பகுதிக்குள் உலவ முடியும் என்று கோடிட்டுப் பாருங்கள். அது முக்கோணமாக இருந்தால், தரவு வருவதற்கு முன்பே உறவு வந்துவிட்டது. கேள்வியை மாற்றி, செவ்வகமான பகுதியில் மீண்டும் கேளுங்கள். அங்கும் உறவு நீடித்தால் அதை நம்புங்கள்.